மார்ச் 30 முடியாது, காகா

தமிழில் 'பார்க்கலாம்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. கடன் கேட்டாலும், கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும், சங்கத்தில் பேச அழைத்தாலும் நம் வாயில் முதலில் வருவது அதுதான். நான் மூன்று வருஷமாகக் குப்பை கொட்டும் நாக்பூரில் இதற்கு 'பகூயா' என்கிறார்கள். இந்தியில் 'தேக்தே ஹை'. மூன்றுக்கும் ஒரே குணம். சொல்கிறவன் மனசில் அது 'முடியாது'. கேட்கிறவர் காதில் அது 'வருகிறேன்'. நடுவில் அகப்பட்டுக்கொள்வது நாற்பது நாற்காலி போட்டுக் காத்திருக்கும் கூட்டம்.

பேச அழைத்தால் மறுப்பது எப்படி என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. பி.காமில் 'வணிகக் கடிதம்' என்று ஒரு பாடம் இருந்தது. சரக்கு கேட்பது, சரக்கு உடைந்து வந்ததைப் புகார் செய்வது, பாக்கிப் பணத்தை மூன்று தவணையில் மிரட்டிக் கேட்பது எல்லாம் அதில் உண்டு. 'உங்கள் அழைப்புக்கு நன்றி, என்னால் முடியாது, இவரைக் கேட்டுப் பாருங்கள்' என்று ஒரு கடிதம் மட்டும் இல்லை. இருபது வருஷ வங்கி வேலையில் நானாகக் கற்றுக்கொண்டதை 2025 மார்ச்சில் வந்த ஓர் அழைப்பை வைத்துச் சொல்கிறேன்.

மகாராஷ்டிரத்தில் ஊருக்கு ஊர், பேட்டைக்குப் பேட்டை 'ஜ்யேஷ்ட நாகரிக் சங்' என்று மூத்த குடிமக்கள் சங்கம் இருக்கும். காலையில் பூங்காவில் கைதட்டிச் சிரிப்பார்கள். மாதம் ஒரு முறை யாரையாவது கூப்பிட்டுப் பேசச் சொல்வார்கள். எங்கள் பேட்டைச் சங்கத்தின் செயலர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். எல்லாருக்கும் அவர் காகா. மார்ச் 8, இரண்டாம் சனி, விடுமுறை. வீட்டுக்கே வந்துவிட்டார். மார்ச் 30 ஞாயிறு குடி பாட்வா, அவர்களுக்கு வருஷப் பிறப்பு. அன்று மாலை ஐந்து மணிக்கு வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம் பற்றி நான் பேச வேண்டும்.

அவர் சும்மா நிகழ்ச்சியை நிரப்ப வரவில்லை. ஜனவரியில் அவர்கள் உறுப்பினர் ஒருவர் இறந்துபோயிருந்தார். வைப்புத் தொகையில் நாமினி போடவில்லை. அந்த அம்மாள் வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகளின் ஒப்புதல், ஜாமீன் என்று இரண்டு மாதமாக அலைந்துகொண்டிருந்தார். "சாஹேப், எங்கள் சங்கத்தில் பாதிப் பேருக்கு நாமினி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அடுத்த ஆள் யார் என்பது மட்டும்தான் கேள்வி" என்றார் காகா. எழுபத்தைந்து வயதுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் வங்கிக்காரனுக்கு மார்ச் கடைசி என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு என் நிலைமை புரியும். மார்ச் 31-ல் கணக்கு வருஷம் முடிகிறது. தவணை கட்டாமல் 90 நாளைத் தாண்டும் கடன் வாராக்கடன் ஆகிவிடும். வருஷக் கடைசியில் அப்படி விழுவது கிளைக்குக் கெட்ட பெயர். அதனால் கடைசி வாரம் ஞாயிற்றுக்கிழமைகூடக் கடன்காரர் வீட்டு வாசலில்தான் நிற்போம். அந்த வருஷம் மார்ச் 31 ரம்ஜான் விடுமுறை. ஆனாலும் அரசு வரவு செலவு பார்க்கும் கிளைகள் திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. எங்கள் கிளையும் அதில் ஒன்று. ஏப்ரல் பிறந்தால் தணிக்கையாளர் வந்து உட்கார்ந்துவிடுவார்.

சரி, வந்த காரியத்துக்கு வருவோம். நான் காகாவிடம் அங்கேயே, அவர் டீ குடித்து முடிப்பதற்குள், "மார்ச் 30 என்னால் முடியாது, காகா" என்று சொன்னேன். அதற்கப்புறம்தான் காரணம் சொன்னேன். இந்த வரிசை முக்கியம். காரணத்தை முதலில் ஆரம்பித்தால் கேட்கிறவர் அதைத் தீர்க்க வேண்டிய பிரச்சினையாக எடுத்துக்கொள்வார். 'வேலை அதிகம்' என்றால் 'வெறும் அரை மணி நேரம்' என்பார். 'தூரம்' என்றால் 'கார் அனுப்புகிறோம்' என்பார். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு மாற்று கிடைக்கும். கடைசியில் நீங்கள் கார் ஏறிவிடுவீர்கள்.

காரணமும் ஒன்றே ஒன்று போதும், அது உண்மையாக இருக்க வேண்டும். எனக்கு அன்று இரண்டு காரணம் இருந்தது. ஒன்று வருஷ முடிவு. இன்னொன்று என் மராட்டி. (கடையில் கத்திரிக்காய் வாங்கும் அளவுக்குத்தான் வரும்.) இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், "இந்தியில் பேசுங்கள், பரவாயில்லை" என்று இரண்டாவதை அடித்துவிட்டு, முதலாவதையும் கூடவே தள்ளியிருப்பார். மராட்டி விஷயத்தை அவரிடம் காரணமாகச் சொல்லவில்லை. அதை வேறு இடத்தில் பயன்படுத்தினேன், சொல்கிறேன்.

எதிர்பார்த்தபடியே காகா அரை மணி நேரத்துக்கு வந்தார். அரை மணி நேரப் பேச்சு அரை மணி நேரம் அல்ல என்பது பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதியவர் கூட்டத்தில் பேச்சு இருபது நிமிஷம், அப்புறம் கேள்வி ஒரு மணி நேரம். ஒவ்வொருவரும் பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள். அவர்களை நடுவில் விட்டுவிட்டு ஓட முடியாது. அதைவிடப் பெரிய சங்கடம், அன்று மாலை நான்கு மணிக்கு மண்டல அலுவலகத்திலிருந்து என்ன போன் வரும் என்று மார்ச் 8-ல் எனக்குத் தெரியாது. பத்தில் எட்டு பங்கு வருவேன் என்று ஒப்புக்கொள்வது தாராளம் மாதிரித் தெரியும். மாடி ஏறி வந்த நாற்பது பேருக்கு அந்த மீதி இரண்டு பங்குதான் நிஜம். "அரை மணி நேரம்கூட உறுதி சொல்ல முடியாது, காகா. உறுதி இல்லாத ஆளை நம்பி அட்டை அச்சடிக்காதீர்கள்" என்றேன். அட்டை என்றதும் அவருக்குப் புரிந்தது. பத்து நாள் முன்னால் அச்சுக்குக் கொடுக்க வேண்டுமாம். அதாவது அவருக்கு வேறு ஆள் தேட இரண்டு வாரம்கூட இல்லை. நான் 'பார்க்கலாம்' என்று சொல்லி ஒரு வாரம் இழுத்திருந்தால் அதில் பாதி என் கணக்கில் போயிருக்கும்.

மறுப்பது சுலபமான பாதி. மாற்று சொல்வதுதான் கஷ்டம்.

பொதுவாக நாம் என்ன செய்வோம்? 'நம்ம மேனேஜர் ஒருத்தர் இருக்கார், நல்லாப் பேசுவார், நம்பர் அனுப்பறேன்' என்று ஒரு நம்பரைத் தள்ளிவிடுவோம். அது உதவி இல்லை. அந்த மனுஷருக்கும் அதே மார்ச் 31 தானே! என்னால் முடியாத காரணமே அவரையும் கட்டிப்போட்டிருக்கும். காகா ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஒவ்வொரு வங்கிக்காரனிடமும் ஒரு 'பகூயா' வாங்கிக்கொண்டு வருவார். ஆள் சொல்லும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, என்னைத் தடுக்கும் காரணம் அவரைத் தடுக்காதா என்பதுதான்.

இரண்டாவது கேள்வி, அழைத்தவர்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது. காகாவிடம் அதைத்தான் கேட்டேன். எத்தனை பேர் வருவார்கள், எந்த மொழி, பேச்சு வேண்டுமா அல்லது படிவம் நிரப்பிக் கொடுக்க ஆள் வேண்டுமா? யோசித்துச் சொன்னார். நாற்பது பேர், மராட்டி, பேச்சைவிடப் படிவம் முக்கியம். பார்த்தீர்களா, இந்தப் பதிலில் நானே இல்லை. என்னைவிடப் பொருத்தமான ஆள் வேண்டியிருந்தது. என் மராட்டி இங்கேதான் பயன்பட்டது. மறுப்பதற்குக் காரணமாக இல்லாமல், அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பதற்கு அளவுகோலாக.

அப்படிப்பட்ட ஆள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. 1969-லிருந்து 'முன்னோடி வங்கி' என்று ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வங்கியைப் பொறுப்பாக வைத்திருக்கிறார்கள். அதன் மாவட்ட மேலாளர் அலுவலகத்தில் கேட்டால் நிதிக் கல்வி மையம் எங்கே என்று சொல்வார்கள். அங்கே ஆலோசகர் இருப்பார், பெரும்பாலும் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. ஊர் ஊராகப் போய் சேமிப்பு, நாமினி, மோசடி பற்றிச் சொல்வதுதான் அவர் வேலை. கட்டணம் கிடையாது. எல்லாவற்றையும்விட, அவருக்கு மார்ச் 31 கிடையாது!

எங்கள் மாவட்ட ஆலோசகரை ஒரு முகாமில் பார்த்திருக்கிறேன். நல்ல மராட்டி, நிதானமான மனிதர். காகாவிடம் அவர் பெயரைச் சொல்வதற்கு முன் அவரைக் கூப்பிட்டேன். இது மூன்றாவது கேள்வி: அவருக்குச் சம்மதமா? கேட்காமல் நம்பர் கொடுத்தால் அவருக்கு இருக்கிற வழி இரண்டு. பிடிக்காமல் ஒப்புக்கொள்வது, அல்லது நம்மைச் சங்கடப்படுத்தி மறுப்பது. அவரிடம் தேதி, நேரம், கூட்டத்தின் அளவு, மாடி ஏற வேண்டும் என்பது, அந்த அம்மாளின் கதை எல்லாம் சொன்னேன். என்னை முதலில் கேட்டார்கள் என்பதையும் மறைக்கவில்லை. அது எப்படியும் தெரியவரும். "பாட்வா அன்றைக்கா? வீட்டில் பூரண போளி இருக்கும், ஐந்து மணிக்குள் ஜீரணமாகிவிடும்" என்று சிரித்தார். சம்மதம்.

திங்கட்கிழமை காலை காகாவுக்கு எழுத்தில் அனுப்பினேன். வாயால் சொன்னது செயற்குழுவுக்குப் போகும்போது 'வங்கிக்காரர் பிகு பண்ணுகிறார்' என்று மாறிவிடும். இந்தியில் எழுதியதன் தமிழ் இது:

"காகா அவர்களுக்கு வணக்கம். மார்ச் 30 நிகழ்ச்சியில் பேச அழைத்ததற்கு நன்றி. வங்கி வருஷ முடிவு வேலை காரணமாக அன்று என்னால் வர இயலாது. நிதிக் கல்வி மைய ஆலோசகரிடம் பேசிவிட்டேன். அன்று மாலை ஐந்து மணிக்கு வரச் சம்மதித்திருக்கிறார். மராட்டியில் பேசுவார், நாமினிப் படிவங்களும் கொண்டுவருவார். அவர் சம்மதத்தோடு எண் கீழே. புதன்கிழமைக்குள் நீங்கள் அவரை அழைத்து உறுதி செய்தால் போதும். நாமினி சட்டத்தில் ஒரு மாற்றம் பாராளுமன்றத்தில் இருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தபின் அதைப் பற்றிப் பேச நான் வருகிறேன். ஏப்ரல் 27 ஞாயிறு மாலை உங்களுக்குச் சரிப்படுமா என்று சொல்லுங்கள்."

நீளம் அவ்வளவுதான். 'மிகவும் வருந்துகிறேன்' என்று மூன்று தடவை எழுதவில்லை. வருத்தத்தைக் கூட்டக் கூட்ட, படிப்பவர் நம்மைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும். 'புதன்கிழமைக்குள்' என்று போட்டதற்கும் காரணம் உண்டு. அது இல்லாவிட்டால் காகா ஆலோசகர் கூப்பிடுவார் என்று இருப்பார், ஆலோசகர் காகா கூப்பிடுவார் என்று இருப்பார். யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதாத ஏற்பாடு பாதியில் நின்றுவிடும்.

வேறு தேதி விஷயத்தில் காகா என்னைத் திருத்தினார். "ஏப்ரல் 27-ஆ? சாஹேப், நீங்கள் மதராஸ்காரர், நாக்பூர் வெயிலை இன்னும் மதிக்கவில்லை" என்று போன் வந்தது. வாஸ்தவம்தான். ஏப்ரல் கடைசியில் இங்கே நாற்பது டிகிரிக்கு மேல் சாதாரணம். மாலை ஆறு மணிக்கும் சுவர் சுடும். எழுபது வயதுக்காரர்களை அந்த நேரத்தில் மாடி ஏறச் சொல்லலாமா? தணிக்கை முடிந்து எனக்கு ஓய்வு கிடைக்கும் தேதி அவர்களுக்கு வசதியான தேதி ஆகிவிடாது. மே, ஜூன் எங்களுக்கு மாற்றல் காலம். மூன்று வருஷம் முடிந்தவன் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதற்கப்புறம் மழை. பேசிப் பேசி, தீபாவளி கழிந்து நவம்பர் இரண்டாவது ஞாயிறு என்று முடிவு செய்தோம். மாற்றல் வந்தால் நான் இருக்க மாட்டேன் என்பதை அப்போதே சொன்னேன். வந்தால் கிளைக்கு வரும் அடுத்த அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றேன். 'இன்னொரு சந்தர்ப்பத்தில் பார்ப்போம்' என்பதும் 'பார்க்கலாம்' வகையறாதான். தேதி இருந்தால்தான் அது வாக்கு.

இன்னொன்றும் கேட்டேன். அக்டோபர் முதல் வாரத்தில் சங்கத்தின் கடிதத் தாளில், தலைப்பு, தேதி போட்டு ஓர் அழைப்பு வேண்டும். வங்கியைப் பற்றி வெளியில் பேச எங்கள் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும். அதற்குக் காகிதம் வேண்டும்.

மார்ச் 30 கூட்டம் நன்றாக நடந்தது என்று காகா சொன்னார். அதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நாமினி மசோதா 2024 டிசம்பரில் மக்களவையில் நிறைவேறியிருந்தது. மாநிலங்களவையில் நிறைவேறியது 2025 மார்ச் 26, அதாவது கூட்டத்துக்கு நான்கே நாள் முன்னால். 'இனி நான்கு நாமினி' என்று செய்தி வந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நான்கு பேரையும் எழுதிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். ஆலோசகர், "சட்டம் அமலுக்கு வரும்வரை ஒருவர்தான். அதற்காகக் காத்திருக்காமல் இன்றைக்கே ஒருவரை எழுதுங்கள். டிஏ-1 படிவத்தைக் கொடுத்துக் கிளையில் ஒப்புகை வாங்குங்கள், பாஸ்புக்கில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்" என்று சொல்லி உட்கார வைத்தார். மேடையிலேயே பலர் படிவம் நிரப்பினார்களாம். அவசரமாக இருந்த பாதி அன்று முடிந்தது. காத்திருக்கக்கூடிய பாதிதான் நவம்பருக்குப் போனது. தேதியைத் தள்ளும்போது இந்தப் பிரிவினையைச் செய்யாவிட்டால், நாம் தள்ளுவது நம் பேச்சை மட்டும் இல்லை. ஏழு மாதத்தில் யாருக்காவது எதுவும் ஆகலாம், அந்த வயதில்.

மாற்றல் வரவில்லை. அக்டோபரில் காகா மறந்தால் என்ன செய்வது என்று நானே செப்டம்பர் கடைசியில் போன் செய்தேன். தேதி கொடுத்தவன்தான் நினைவுபடுத்த வேண்டும் என்பது என் கட்சி. சட்டத்தின் நாமினிப் பகுதி 2025 நவம்பர் 1-ல் அமலுக்கு வந்தது. நவம்பர் 9-ல் நான் போய் நின்றபோது ஊகமாக எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை, ஒரே சமயத்தில் பங்கு பிரித்தோ, ஒருவருக்கு அப்புறம் ஒருவர் என்றோ எழுதலாம். பங்கு பிரித்தால் கூட்டுத்தொகை நூறு சதவீதம் வர வேண்டும். லாக்கருக்கு ஒருவருக்கு அப்புறம் ஒருவர் என்ற முறை மட்டும்தான். எப்படி எழுதினாலும் நாமினி பணத்தை வாங்கிக்கொள்கிறவர்தானே தவிர, வாரிசுகளின் உரிமை அதனால் போய்விடாது. என் இந்தியை எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். அந்த அம்மாளும் வந்திருந்தார். பணம் ஆகஸ்டில் கிடைத்துவிட்டதாம். கிடைத்த அன்றே தன் கணக்குக்கு நாமினி எழுதிவிட்டாராம்.

கிளம்பும்போது காகாவிடம், அடுத்த வருஷமும் ஏதாவது தலைப்பு இருந்தால் சொல்லுங்கள், வருகிறேன் என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "கண்டிப்பாக, சாஹேப். ஆனால் மோசடி போன் பற்றிப் பேச அந்த ஆலோசகரையே கேட்டுவிட்டோம். அவர் மராட்டி ரொம்பத் தெளிவு."

நல்ல ஆளாகப் பார்த்துச் சொன்னால் இப்படியும் ஆகும். தயாராக இருங்கள்.